4ஜி இருக்கிறது, அழைப்பு இல்லை: வோல்ட்டி எப்படி வேலை செய்கிறது?

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியப்பா 2024 செப்டெம்பரில் மகள் வீட்டுக்கு சிட்னி போனார். ஆறு வருடங்களுக்கு முன் கொழும்பில் வாங்கிய கைப்பேசியையும் கொண்டு போனார். அங்கே ஓர் உள்ளூர் சிம் அட்டை போட்டார்கள். இணையம் ஓடியது, அழைப்புகளும் போயின. இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் எனக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தார்.

"தம்பி, இந்தப் போனில் ஏதோ பிழை. உன்னோடு பேச முடிகிறது. யூடியூப் பார்க்க முடிகிறது. ஆனால் வைத்தியரின் இலக்கத்துக்கு அழைத்தால் மணியே அடிக்காமல் நின்றுவிடுகிறது."

"சிக்னல் இருக்கிறதா, பெரியப்பா?"

"நான்கு கோடும் நிறைந்திருக்கிறது. பக்கத்தில் 4ஜி என்றும் போட்டிருக்கிறது."

கைப்பேசி பழுதாகவில்லை. சிம் அட்டையிலும் பணம் இருந்தது. மாறியது வலையமைப்பு. அவுஸ்திரேலியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களான டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 2024 ஒக்டோபர் 28 முதல் தங்கள் 3ஜி சேவையை மூடத் தொடங்கின. மூன்றாவது நிறுவனம் அந்த வருடத் தொடக்கத்திலேயே மூடிவிட்டது. "நான் வைத்திருப்பது 4ஜி போன். 3ஜியை மூடினால் எனக்கென்ன?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். கடைக்காரர்களும் விளம்பரங்களும் நமக்குச் சொல்லித் தந்த கணக்கின்படி 4 என்றால் 3ஐ விடப் பெரியது, 3 செய்வதையெல்லாம் 4 செய்யும். குரல் அழைப்பில் மட்டும் இந்தக் கணக்கு பிழைக்கிறது.

## ட்ரங்க் கோல் காலத்து வழி

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காத்திருந்த கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பரிவர்த்தனை நிலையத்தில் இருப்பவர் கம்பியை எடுத்துச் சொருகுவார். இரு முனைகளுக்கும் நடுவே ஒரு வழி உண்டாகும். பேசி முடிக்கும்வரை அது உங்களுக்கே உரியது. நீங்கள் வாய் திறக்காமல் ஒரு நிமிடம் விம்மிக்கொண்டிருந்தாலும் அந்தக் கம்பியில் வேறு எவரும் பேச முடியாது.

2ஜி, 3ஜி ஆகியவற்றின் குரல் அழைப்பும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான். கம்பியின் இடத்தில் வானொலி அலையும் கணினியும் வந்தன. ஆனால் அழைப்புக்கு முன் ஒரு வழியை ஒதுக்கி, முடியும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் மாறவில்லை. இதைச் சுற்றுவழி இணைப்பு என்று சொல்வோம்.

இணையத்தின் பழக்கம் வேறு. அங்கே எவருக்கும் எந்த வழியும் ஒதுக்கப்படுவதில்லை. ஒரு நீண்ட கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனி உறையில் போட்டு, ஒவ்வோர் உறையிலும் முகவரி எழுதித் தபாலில் சேர்ப்பது போன்றது அது. உறைகள் மற்றவர்களின் உறைகளோடு கலந்து போகும். சில முந்தும், சில பிந்தும், போய்ச் சேருமிடத்தில் மீண்டும் அடுக்கப்படும். இப்படிப் பிரித்து அனுப்பப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் பொதி என்று பெயர்.

3ஜியில் இந்த இரண்டு ஏற்பாடுகளும் அருகருகே இருந்தன. குரல் சுற்றுவழியில் போனது, இணையம் பொதிகளாகப் போனது. 4ஜியை வடிவமைத்தவர்கள் இரண்டில் ஒன்றை முழுவதுமாக விட்டுவிட்டார்கள். 4ஜியில் பொதிகள் மட்டுமே உண்டு. சுற்றுவழி என்ற ஏற்பாடு அதில் இல்லவே இல்லை.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். உலகின் முதல் வணிக 4ஜி சேவை 2009 டிசம்பரில் ஸ்டொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் தொடங்கியபோது அதை மடிக்கணினியில் செருகும் மோடம் கொண்டுதான் பயன்படுத்தினார்கள். பேசுவதற்கு அதில் வழியே இல்லை. 4ஜி வழியாகவே குரல் அழைப்பு தரும் வணிகச் சேவைகள் தென் கொரியாவிலும் அமெரிக்காவிலும் 2012 ஓகஸ்டில்தான் வந்தன. ஏறத்தாழ மூன்று வருடங்கள் 4ஜி ஓர் ஊமைப் பிள்ளையாகவே வளர்ந்தது.

## மேல்மாடியில் தொலைபேசி இல்லை

அப்படியென்றால் அந்த வருடங்களில் 4ஜி கைப்பேசி வைத்திருந்தவர்கள் எப்படிப் பேசினார்கள்?

ஒரு மாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடி புதிதாகக் கட்டியது. காற்றோட்டமாக, விசாலமாக இருக்கிறது. நீங்கள் பகல் முழுவதும் அங்கேதான் இருக்கிறீர்கள். ஆனால் வீட்டுத் தொலைபேசி கீழே கூடத்தில் இருக்கிறது. அழைப்பு வந்தால் கீழே இருப்பவர் படிக்கட்டு அருகே வந்து குரல் கொடுப்பார். நீங்கள் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு மறுபடி மேலே வருவீர்கள்.

4ஜி கைப்பேசியும் இதைத்தான் செய்தது. இணையத்துக்கு மேல்மாடியான 4ஜியில் இருக்கும். அழைப்பு வந்தால் வலையமைப்பு 4ஜி வழியாகவே "உனக்கு ஓர் அழைப்பு, இறங்கி வா" என்று தகவல் அனுப்பும். கைப்பேசி 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ மாறி, அங்கே பழைய சுற்றுவழியில் பேசும். முடிந்ததும் மேலே ஏறும். நீங்கள் ஒருவரை அழைக்கும்போதும் இதே கதைதான். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னிறக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். பழைய கைப்பேசியில் அழைப்புப் பொத்தானை அழுத்தியதும் திரையின் மேலே இருந்த `4G` மறைந்து `H` அல்லது `E` வரும். மறுமுனையில் மணி அடிக்கச் சில விநாடிகள் பிடிக்கும். பேசிக்கொண்டே வரைபடம் பார்க்க முயன்றால் அது திணறும். கீழே 2ஜிக்கு இறங்கியிருந்தால் பெரும்பாலும் இணையம் நின்றே போகும். பலர் இதைச் சிக்னல் கோளாறு என்று நினைத்தார்கள். உண்மையில் கைப்பேசி படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னதில் மனத்தில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: 4ஜியில் குரலுக்கென்று உள்ளமைந்த வழி எதுவும் இல்லை. உங்கள் 4ஜி கைப்பேசி இத்தனை காலம் பேசியது பெரும்பாலும் 3ஜியிலோ 2ஜியிலோதான்.

## மேல்மாடிக்கே தொலைபேசி வந்த கதை

பின்னிறக்கம் ஒரு தற்காலிக ஏற்பாடு. நிரந்தரத் தீர்வு குரலையும் பொதிகளாக்கி 4ஜியிலேயே அனுப்புவது. அதுதான் வோல்ட்டி. 4ஜியின் தொழில்நுட்பப் பெயர் எல்டிஇ. அதன் மேல் செல்லும் குரல் என்பதைச் சுருக்கி ஆங்கிலத்தில் இப்படி ஒரு சொல்லை ஆக்கிவிட்டார்கள். சில கைப்பேசிகளின் திரையில் `VoLTE` என்று சின்னதாகத் தெரிவது இதுவே.

மேல்மாடிக்குத் தொலைபேசி கொண்டுவர இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று மேலேயே இயங்கும் ஒரு பரிவர்த்தனை நிலையம். மற்றது குரல் தாமதமின்றிப் போக ஒரு தனித் தடம்.

பரிவர்த்தனை நிலையத்தின் பெயர் ஐஎம்எஸ். இது வலையமைப்பு நிறுவனத்தின் மையத்தில் இருக்கும் கணினித் தொகுதி. கைப்பேசியை இயக்கியதும் அது 4ஜியில் சேர்கிறது. இணையம் உடனே கிடைத்துவிடும். ஆனால் அழைப்புக்கு இது போதாது. கைப்பேசி இரண்டாவது முறையாக ஒரு கதவைத் தட்ட வேண்டும். ஐஎம்எஸ்ஸுக்கென்று தனியாக உள்ள ஓர் இணைப்பைத் திறந்து, சிம் அட்டையில் பூட்டி வைத்திருக்கும் இரகசியத்தின் துணையோடு தன்னை நிரூபித்து, "இந்த இலக்கத்துக்கு உரியவன் நான், இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று பதிந்துகொள்ள வேண்டும். இந்தப் பதிவு நடந்தால்தான் வோல்ட்டி உண்டு. நடக்காவிட்டால் கைப்பேசி வெறும் இணையக் கருவி.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விடயத்தை நினைவில் வைக்கலாம் என்றால் இந்த இரண்டாவது பதிவையே வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் கைப்பேசி முதல் கதவைக் கடந்துவிட்டது. நான்கு கோடும் யூடியூபும் அதற்குச் சாட்சி. இரண்டாவது கதவை அது தட்டவே இல்லை.

பதிவு நடந்த கைப்பேசியில் நீங்கள் ஓர் இலக்கத்தை அழுத்தினால் ஐஎம்எஸ்ஸுக்கு ஒரு விண்ணப்பம் போகிறது. யாரை அழைக்கிறேன், எந்தெந்த முறைகளில் என்னால் குரலைச் சுருக்க முடியும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். மறுமுனைக் கைப்பேசி தன்னால் முடிந்ததைச் சொல்ல, இரண்டுக்கும் பொதுவான ஒரு முறை முடிவாகிறது. குரலுக்கான தனித் தடம் ஒதுக்கப்படுகிறது. பிறகுதான் மணி அடிக்கிறது. எழுதிப் பார்க்க நீளமாக இருந்தாலும் இறங்கி ஏறும் வேலை இல்லாததால் இது பின்னிறக்கத்தை விட விரைவாக முடிந்துவிடும்.

## இருபது மில்லி விநாடிக்கு ஓர் உறை

இனிப் பேச்சு. கைப்பேசி உங்கள் குரலை 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்குகிறது. விநாடிக்கு 50 துண்டுகள். ஒவ்வொன்றையும் சுருக்கி ஒரு பொதியில் இடுகிறது.

வோல்ட்டியில் பரவலாகப் பயன்படும் அகன்ற அலைவரிசைக் குரல் முறை ஒன்றின் வேகம் விநாடிக்கு 12.65 கிலோபிட். கணக்குப் போட்டால் ஒரு துண்டுக்கு 253 பிட், அதாவது 32 பைட்டுகள். ஒரு நிமிடம் பேசினால் ஒரு பக்கக் குரலுக்கு ஏறத்தாழ 95 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு "இனிய காலை வணக்கம்" படம் கூட இதைவிடக் கனமாக இருக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பொதியின் மேல் எழுத வேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் சேர்ந்து 60 பைட்டுகள் வரை வரும். கடிதம் 32, உறை 60. கடிதத்தை விட உறை ஏறத்தாழ இரு மடங்கு கனம்! விநாடிக்கு ஐம்பது உறைகள் என்றால் இது பெரிய வீண். ஒரே அழைப்பில் முகவரி மாறாது என்பதால் கைப்பேசியும் டவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்கின்றன. முதலில் முழு முகவரி, பிறகு மாறும் பகுதி மட்டும். அதனால் உறையின் கனம் ஒரு சில பைட்டுகளாகக் குறைந்துவிடுகிறது.

குரல் தெளிவாகக் கேட்பதற்கும் இந்த முறையே காரணம். பழைய தொலைபேசிக் குரல் சுமார் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளை மட்டுமே கடத்தியது. அகன்ற முறை 50 முதல் 7,000 ஹேர்ட்ஸ் வரை கடத்துகிறது. "சாந்தி"யா "காந்தி"யா என்று பழைய அழைப்பில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம், ச, ஸ போன்ற ஒலிகளின் உயர்ந்த பகுதி வழியிலேயே வெட்டுப்பட்டதுதான். இரு முனைகளிலும் இந்த வசதி இருக்க வேண்டும். ஒருவர் பழைய முறையில் இருந்தால் இருவருக்கும் பழைய ஒலிதான்.

## அப்படியென்றால் வாட்ஸ்அப் அழைப்பும் இதுவும் ஒன்றா?

இரண்டிலும் குரல் பொதிகளாகத்தான் போகிறது. வேறுபாடு சாலையில் இருக்கிறது.

மாலை ஐந்தரை மணிக்குக் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்குப் போய்ப் பாருங்கள். கார், முச்சக்கர வண்டி, லொறி எல்லாம் ஒரே நெரிசலில் நிற்கும். பஸ்ஸுக்கென்று ஒரு முன்னுரிமைத் தடம் கோடு போட்டு ஒதுக்கப்பட்டு, எல்லோரும் அதை மதித்தால் பஸ் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். (எல்லோரும் மதித்தால் என்று சொன்னேன். இந்த ஒப்புமையில் நம் ஊர் சாரதிகளைக் கற்பனை செய்ய வேண்டாம்.)

வாட்ஸ்அப் அழைப்பு பொதுத் தடத்தில் போகும் முச்சக்கர வண்டி. அதே டவரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அவற்றின் பொதிகளோடு முட்டி மோதித்தான் போக வேண்டும். வோல்ட்டிக்கு அழைப்பு நடக்கும்வரை ஒரு தனித் தடம் உண்டு. அதற்கு உறுதி செய்யப்பட்ட வேகமும் 100 மில்லி விநாடி என்ற தாமத இலக்கும் விதியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கைப்பேசியிலிருந்து வலையமைப்பின் வாசல்வரை ஒரு பொதி அதற்குள் போய்ச் சேர வேண்டும். பொதுத் தடத்தில் இந்த இலக்கு 300 மில்லி விநாடி, வேகத்துக்கு உறுதியும் கிடையாது.

ட்ரங்க் கோல் காலத்து ஒதுக்கீடு வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது பார்த்தீர்களா? தெருவையே மூடி ஒருவருக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, பொதுத் தெருவில் ஒரு தடத்துக்கு முன்னுரிமை.

இன்னொரு பெரிய வேறுபாடு, வாட்ஸ்அப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்குத்தான் பேச முடியும். வைத்தியரின் நிலவழித் தொலைபேசிக்கோ அவசர இலக்கத்துக்கோ அதனால் போக முடியாது. பெரியப்பா மாட்டிக்கொண்டது சரியாக இந்த இடத்தில்தான்.

## கீழ்மாடி இடிக்கப்படும் நாள்

நிறுவனங்கள் ஏன் 3ஜியை மூடுகின்றன? அலைக்கற்றை என்பது அளந்து கொடுக்கப்பட்ட காணி. 3ஜியின் ஒவ்வோர் அலைவரிசையும் 5 மெகாஹேர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. அதில் பேசுவோர் குறைந்தாலும் அகலம் குறையாது. அதே காணியில் 4ஜியோ 5ஜியோ வைத்தால் இன்னும் பலருக்கு இணையம் தரலாம். 2ஜி அலைவரிசை ஒன்றுக்கு 0.2 மெகாஹேர்ட்ஸ்தான் தேவை. அதை ஓர் ஓரத்தில் விட்டுவைப்பது பெரிய நட்டமில்லை. மூத்ததான 2ஜியை வைத்துக்கொண்டு இளையதான 3ஜியைச் சில நாடுகள் முதலில் மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலேசியா அப்படித்தான் செய்தது. 2021 முடிவில் 3ஜியை மூடியது, 2ஜி தொடர்ந்தது. வோல்ட்டி இல்லாத கைப்பேசிகள் அங்கே 3ஜிக்குப் பதில் 2ஜிக்கு இறங்கின. தரம் குறைந்தாலும் அழைப்பு நின்றுவிடவில்லை. அவுஸ்திரேலியாவில் 2ஜி 2016 முதல் 2018 வரையான காலத்திலேயே மூடப்பட்டுவிட்டது. எஞ்சியிருந்த 3ஜியும் 2024இல் போனதும் இறங்குவதற்குக் கீழே தளமே இல்லை. இந்தியாவின் ஜியோ இன்னொரு வகை. 2016இல் தொடங்கும்போதே அது கீழ்மாடி கட்டவில்லை, 4ஜி மட்டும்தான். அதனால் வோல்ட்டி இல்லாத 4ஜி கைப்பேசி வைத்திருந்தவர்கள் பேசுவதற்கென்றே ஜியோவின் தனிச் செயலியை நிறுவ வேண்டியிருந்தது.

ஆகவே "3ஜியை மூடுகிறார்களாம்" என்ற செய்தி வரும்போது பதற வேண்டுமா என்பதற்கு விடை, அந்த நாட்டில் 2ஜி மிச்சம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

தளம் போனபின் எல்லாப் பழைய கைப்பேசிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 4ஜியில் சேரும்போது கைப்பேசி, "எனக்கு இணையமும் வேண்டும், கீழே குரல் சேவையும் வேண்டும்" என்று கேட்கிறது. "இணையம் உண்டு, கீழே ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் அடுத்தது என்ன என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. குரலே முதன்மை என்று அமைக்கப்பட்ட கைப்பேசி 4ஜியைக் கைவிட்டு 2ஜி, 3ஜியைத் தேடி அலையும். கிடைக்காமல் `No service` என்று நிற்கும். இணையமே முதன்மை என்று அமைக்கப்பட்டது 4ஜியிலேயே இருந்துகொள்ளும், அழைப்பை மட்டும் இழக்கும். பெரியப்பாவினது இரண்டாவது வகை. கோடுகள் நிறைந்திருந்ததால்தான் அவருக்கு இவ்வளவு குழப்பம்.

சுருக்கமாக: பழைய சேவை மூடப்படுவதால் பழைய கைப்பேசியின் 4ஜி பழுதாவதில்லை. அது பேசுவதற்கு இறங்கிக்கொண்டிருந்த இடம் இல்லாமல் போகிறது.

## பெரியப்பாவின் கைப்பேசிக்கு அப்படி என்ன குறை?

ஆறு வருடங்களுக்கு முன் வந்த அந்தக் கைப்பேசியின் சில்லு வோல்ட்டி செய்யக்கூடியதுதான். அதே மாதிரியைச் சேர்ந்த கைப்பேசி வேறு ஒரு நாட்டில் வோல்ட்டியோடு விற்கப்பட்டது. அப்படியிருந்தும் அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் எரிச்சலூட்டும் பகுதி இதுதான்.

சுற்றுவழி அழைப்பு உலகின் பெரும்பகுதியில் ஒரே அச்சில் இருந்தது. நம் ஊர் 2ஜி கைப்பேசி ஒன்றைப் பெரும்பாலான நாடுகளுக்குக் கொண்டு போனாலும், அலைவரிசை பொருந்தினால் பேசியது. ஐஎம்எஸ் அப்படி இல்லை. பொது விதிகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சில அமைப்புகளைத் தன் வழியில் வைத்திருக்கிறது. அவற்றைச் சொல்லும் ஒரு சிறிய கோப்பு கைப்பேசியின் மென்பொருளில் இருக்க வேண்டும். உற்பத்தியாளர்கள் தாங்கள் சோதித்துப் பார்த்த வலையமைப்புகளுக்கு மட்டுமே அந்தக் கோப்பைச் சேர்க்கிறார்கள். சில நிறுவனங்கள் தம் பக்கத்திலும் ஒரு பட்டியல் வைத்து, அதில் இல்லாத மாதிரிகளை ஐஎம்எஸ்ஸுக்குள் விடுவதில்லை.

ஆக மூன்று பூட்டுகள். சில்லுக்கு ஆற்றல் இருக்க வேண்டும். மென்பொருளில் அந்த வலையமைப்புக்கான கோப்பு இருக்க வேண்டும். வலையமைப்பு அந்த மாதிரியை ஏற்க வேண்டும். கடையில் "இது வோல்ட்டி போன்" என்று சொல்வது முதல் பூட்டைப் பற்றி மட்டும்தான்.

நாங்கள் வாட்ஸ்அப்பிலேயே தேடிப் பார்த்தோம். முதலில் அமைப்புகளில் சிம் அட்டைப் பகுதியைத் திறக்கச் சொன்னேன். `VoLTE` என்ற தெரிவு அங்கே இல்லவே இல்லை. பிறகு பல ஆண்ட்ரொயிட் கைப்பேசிகளில் வேலை செய்யும் இந்தக் குறியீட்டை அழைப்புத் திரையில் அழுத்தச் சொன்னேன்:

```
*#*#4636#*#*
```

திறந்த பக்கத்தில் `IMS Service Status` என்பதைத் தொட்டால் முதல் வரியிலேயே விடை இருந்தது: `IMS Registration: Not Registered`. இரண்டாவது கதவு திறக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். அந்த மாதிரிக்குப் புதுப்பிப்புகள் எப்போதோ நின்றுவிட்டன.

"வீட்டு வைஃபை வழியாக அழைக்கும் வசதி ஒன்று இருக்கிறதாமே?" என்று என் அக்கா கேட்டாள். இருக்கிறது. ஆனால் அதுவும் அதே ஐஎம்எஸ்ஸில்தான் பதிய வேண்டும். அங்கே பதிய முடியாத கைப்பேசிக்குப் பெரும்பாலும் அந்தக் கதவும் மூடியே இருக்கும்.

சில நாட்களில் வலையமைப்பிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: இந்தக் கைப்பேசிக்கு இனிச் சேவை கிடையாது. இது போன்ற செய்திகள் முன்னரும் வந்திருந்தன, பெரியப்பா விளம்பரம் என்று அழித்திருந்தார். இணையம் ஓடும் கைப்பேசியை ஏன் முழுவதுமாக நிறுத்த வேண்டும்? காரணம் அவசர அழைப்பு. அந்த நாட்டின் அவசர இலக்கமான 000ஐ எட்ட முடியாத கைப்பேசிக்குச் சேவை தரக் கூடாது என்று அங்கே நிறுவனங்களுக்கு விதி இடப்பட்டது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதாரண அழைப்பை வோல்ட்டியில் செய்துவிட்டு, அவசர அழைப்பை மட்டும் 3ஜிக்கு இறங்கித்தான் செய்யும்படி எழுதப்பட்ட கைப்பேசிகளும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. உயிர் போகும் நேரத்தில்தான் தெரியும். அவற்றையும் நிறுத்தினார்கள். கடுமையாகத் தோன்றலாம். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

அக்கா கடைசியில் வோல்ட்டி உள்ள விலை குறைந்த பொத்தான் கைப்பேசி ஒன்றை அங்கேயே வாங்கிக் கொடுத்தாள். பழையதை வைஃபையில் வாட்ஸ்அப்புக்கு வைத்துக்கொண்டார்.

## கொழும்பில் இருந்தபடியே சோதிப்பது

ஜனவரியில் பெரியப்பா திரும்பி வந்தார். கட்டுநாயக்காவில் இறங்கித் தன் இலங்கை சிம்மைப் போட்டதும் அதே பழைய கைப்பேசியில் எனக்கு அழைத்தார், இம்முறை சாதாரண அழைப்பு. "பார்த்தாயா, போனில் ஒரு பிழையும் இல்லை" என்றார். இறங்குவதற்கு இங்கே இன்னும் கீழ்த்தளம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுடையது எந்த வகை என்று அறிய எந்தக் குறியீடும் தேவையில்லை. வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அழைப்பு வைஃபை வழியாகப் போய் உங்களை ஏமாற்றலாம். திரையில் `4G` அல்லது `LTE` இருப்பதை உறுதி செய்துகொண்டு வீட்டில் இன்னொருவருக்கு அழையுங்கள். அவர் எடுத்தபின் திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். `4G` அப்படியே இருந்து, பேசிக்கொண்டே திறக்கும் இணையப் பக்கமும் வழக்கமான வேகத்தில் வந்தால் நீங்கள் வோல்ட்டியில் இருக்கிறீர்கள். எழுத்து `H`, `3G`, `E` என்று மாறினால் கைப்பேசி படி இறங்கிவிட்டது.

மாறினால் முதலில் அமைப்புகளில் `VoLTE` அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கைப்பேசிகளில் `4G Calling` என்ற பெயரில் இருக்கும். அது இயங்கியும் மாறினால், உங்கள் இலக்கத்துக்கு வோல்ட்டி இயக்கப்பட்டிருக்கிறதா என்று வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். பழைய சிம் அட்டையை மாற்றச் சொன்னாலும் சொல்வார்கள்.

லிபர்ட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ பாவித்த கைப்பேசி அல்லது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கைப்பேசி வாங்குபவர்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் சிம்மைப் போட்டு, கடைக்காரரின் வைஃபையை அணைத்து, அங்கேயே நின்று ஓர் அழைப்பு எடுங்கள். இங்கே வோல்ட்டி கிடைத்தது என்பதற்காக வெளிநாட்டிலும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கோப்பு நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. இலங்கை சிம்மோடு ரோமிங்கில் போனால் இன்னொரு பூட்டும் சேரும்: உங்கள் நிறுவனமும் அந்த நாட்டு நிறுவனமும் வோல்ட்டி ரோமிங் உடன்பாடு செய்திருக்க வேண்டும். 2ஜியும் 3ஜியும் இல்லாத நாட்டுக்குப் போவதென்றால், புறப்படும் முன் உங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ரோமிங் உண்டா என்பதை அல்ல. அந்த நாட்டில் எந்த வலையமைப்போடு வோல்ட்டி ரோமிங் உண்டு என்று கேளுங்கள். அடுத்து, உங்கள் கைப்பேசி மாதிரியின் பெயரைச் சொல்லி அதற்கு அது கிடைக்குமா என்று கேளுங்கள்.